ஈறோரத்தில் இரண்டு நிமிடம்

(சென்ற மாதம் நம் குடியிருப்பின் மூத்தோர் சந்திப்பில் பேசியது)



முப்பத்துமூன்று வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் பல் துலக்குவதைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்று நினைக்கிறீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் அறுபத்துநான்கு வயதில் ஒரு சின்னப் பெண் அரைப்பக்கத் தாளை வைத்துக்கொண்டு எனக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தாளில் இருந்ததை உங்களிடம் சேர்ப்பதே என் நோக்கம்.

முதலில் அதற்கு முந்தைய கதை. பல வருடங்களுக்கு முன் வேறோர் இடத்தில் பல்லைக் காட்டப் போனேன். "இப்படியே விட்டால் எல்லாப் பல்லும் கொட்டிவிடும்" என்றார்கள். எப்படித் துலக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பயந்துபோய் இரண்டு காரியம் செய்தேன். கெட்டியான இழை உள்ள பிரஷ் வாங்கி, செம்புப் பாத்திரம் தேய்ப்பதுபோல இழுத்து இழுத்துத் தேய்த்தேன். பல் மருத்துவர் பக்கம் எட்டு வருடம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன வருடம் இடது பக்கம் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுரீர் என்றது. சொத்தை என்று நினைத்துப் போனேன். அந்த இளம் டாக்டர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இடது கோரைப்பல்லிலும் அடுத்த இரண்டு பற்களிலும், ஈறை ஒட்டிய இடத்தில், கோடாலியால் கொத்தியதுபோல் பள்ளம். "சொத்தை இல்லை சார், தேய்மானம். நீங்கள் வலது கைக்காரர்தானே? பிரஷை எடுத்ததும் கை முதலில் போவது இடது பக்கம். அங்கேதான் அழுத்தமும் அதிகம்" என்றார். திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. இரண்டு பள்ளங்களை அடைத்துவிட்டு அந்தத் தாளை எடுத்து வாசித்துக்கொண்டே, ஒரு மாதிரிப் பல்செட்டில் செய்து காட்டினார். அதை என் நடையில் சொல்கிறேன்.

ஒன்று: 'சாஃப்ட்' என்று எழுதிய, தலை சிறிதாக உள்ள பிரஷ். அதில் ஒரு பட்டாணி அளவு புளோரைடு பேஸ்ட். விளம்பரத்தில் வருவதுபோல் நீளமாக வைக்க வேண்டாம்.

இரண்டு: பிரஷை முஷ்டியில் பிடிக்காமல், பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் அழுத்த வராது.

மூன்று: இதுதான் முக்கியம். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் இழைகளைச் சாய்த்து வையுங்கள். மேல் பல்லுக்கு இழை மேல் நோக்கி, கீழ்ப் பல்லுக்குக் கீழ் நோக்கி, பாதிச் சாய்வில். இழை நுனியில் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் பட வேண்டும்.

நான்கு: பிரஷை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, அரைப் பல் அகலத்துக்கு மேல் நகராமல், பத்து முறை மெல்ல அசையுங்கள். பிறகு ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கி ஒரு முறை வழித்துவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று பற்களுக்குப் போங்கள்.

ஐந்து: முன்பற்களின் உள்பக்கத்துக்குப் பிரஷ் படுக்கையாகப் போகாது. செங்குத்தாக நிறுத்தி, முன்முனை இழைகளால் அதே அசைவு.

ஆறு: மெல்லும் பரப்பில் மட்டும் முன்னும் பின்னும் தேய்க்கலாம். பிறகு நாக்கை ஒரு முறை வழித்துவிட்டு, நுரையைத் துப்புங்கள். குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைடும் சேர்ந்து போய்விடும்.

தாள் இவ்வளவுதான். ஏன் ஈறோரம் என்று கேட்டேன். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு இருக்கிறதாம். வழவழப்பான படலம் அங்கேதான் தங்கி ஈறை வீங்க வைக்கிறது. நான் தேய்த்துப் பளபளப்பாக்கியது பல்லின் நடுப்பகுதியை. அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது!

இந்த முறைக்கு பாஸ் முறை என்று பெயர். சார்லஸ் பாஸ் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் மருத்துவக் கல்லூரி டீனாக இருந்து ஓய்வு பெற்றவர். பல் மருத்துவரும் அல்ல. ஓய்வுக்குப் பிறகும் பிரஷ்ஷையும் பல்லையும் ஆராய்ந்து, 1954இல் இந்த முறையை எழுதினார். கடைசியில் வழித்துவிடும் அசைவு பிற்காலத்தில் சேர்ந்தது. ஓய்வு பெற்றவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து வங்கிக்காரன் புத்தியில் கணக்குப் போட்டேன். மேல் வரிசை வெளிப்பக்கம் சுமார் ஆறு நிறுத்தம், உள்பக்கம் ஆறு. கீழேயும் அப்படியே. மொத்தம் 24. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி என்றால் 120 விநாடி, சரியாக இரண்டு நிமிடம். மெல்லும் பரப்புக்கு இன்னும் கொஞ்சம். பழைய முறையில் எனக்கு ஆன நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: நாற்பது விநாடி. அதிலும் கீழ்முன்பற்களின் உள்பக்கத்துக்குப் பிரஷ் போனதே இல்லை. வரவு வைக்காமலே டாலி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது எப்போதும் வலது மேல் கடைவாயில் ஆரம்பிக்கிறேன். வரிசை மாறாவிட்டால் எந்த இடமும் விட்டுப்போகாது. முதல் வாரம் கண்ணாடி முன் நின்று செய்யுங்கள், கை பழகும்.

சரியாகச் செய்கிறோமா என்று தெரிந்துகொள்ள இரண்டு சோதனை. துலக்கியபின் நாக்கால் பல்லின் உள்பக்கம், ஈறோரமாகத் தடவிப் பாருங்கள். கண்ணாடிபோல் வழுக்க வேண்டும். சொரசொரப்பாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் அந்த இடம் பாக்கி. அடுத்தது, பிரஷைப் பாருங்கள். மூன்று நான்கு மாதத்தில் மாற்றுவது வழக்கம். ஒரே மாதத்தில் இழைகள் இரு பக்கமும் விரிந்துவிட்டால் நீங்கள் அழுத்துகிறீர்கள்.

முதல் சில நாள் ஈறில் லேசாக ரத்தம் தெரிந்தது. நான் நிறுத்தியிருப்பேன். ஆனால் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: "வீங்கிய ஈறு அப்படித்தான் சார். அந்த இடத்தை ஒதுக்காமல் மெதுவாகத் தொடருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை என்றால் வாருங்கள்." எனக்குப் பத்தாம் நாள் நின்றது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த முறையால் ஆகாததும் உண்டு. தேய்ந்த பல் வளராது. இறங்கிய ஈறு மேலே ஏறாது. இரண்டு பல்லுக்கு நடுவே பிரஷ் போகாது. அதற்குச் சின்னக் குச்சி பிரஷ் தனியாக இருக்கிறது. உங்கள் இடுக்குக்கு எந்த அளவு என்று கேட்டு வாங்குங்கள். எலுமிச்சை ஜூஸ் குடித்த உடனேயும் துலக்க வேண்டாம், அரை மணி நேரமாவது போகட்டும்.

காலை ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை. இரவில் துலக்கியபின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

எட்டு வருடம் என்னை வெளியே நிறுத்திய பயத்தை அரைப்பக்கத் தாள் தீர்த்துவிட்டது. அதை நகல் எடுத்து லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். இன்று இரவு வலது மேல் கடைவாயில் ஆரம்பியுங்கள்.