மிச்சப்பட்ட விதை, மிச்சப்பட்ட மாடு



வேளாண் கருவிகளைப் பற்றிப் பாடம் சொன்ன ஓர் ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளை இது. ஆகவே இன்று கருவிகளைப் பற்றியே பேசுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் விதைப்புக் கருவியும் இரும்புக் கலப்பையும் வந்தன, விளைச்சல் பெருகியது என்று பாடநூலில் ஒரே வரியில் படித்திருப்பீர்கள். கருவி வந்ததற்கும் விளைச்சல் பெருகியதற்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை அந்த வரி சொல்வதில்லை. நான் பேச வந்தது அதைத்தான்.

விதைப்புக் கருவி என்றதும் ஜெத்ரோ டல் பெயர் வரும். 1674இல் பிறந்தவர். சட்டம் படித்தார், ஆனால் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் இருந்த குடும்ப நிலத்தில் விவசாயம் பார்க்க வேண்டியதாயிற்று. அங்கே செயின்ஃபாயின் என்ற தீவனப் பயிரின் விதை விலை உயர்ந்ததாக இருந்தது. கையால் வீசி விதைத்தால் பாதி வீணாகும். சால் பிடித்து, அளவான ஆழத்தில், இடம்விட்டு விதையுங்கள் என்று வேலையாட்களிடம் சொன்னார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தப் பிணக்கிலிருந்துதான் 1701 வாக்கில் கருவி பிறந்தது.

அவருக்கு ஆர்கன் என்னும் இசைக்கருவியைப் பிரித்துப் பார்த்த பழக்கம் இருந்தது. அதன் உள்ளே காற்றைத் திறந்து மூடும் நாக்கும் வில்லும் அவர் நினைவுக்கு வந்தன. விதைப் பெட்டியின் அடியில் குழிகள் வெட்டிய உருளை ஒன்றை வைத்தார். சக்கரம் சுழன்றால் உருளையும் சுழலும். ஒவ்வொரு குழியும் சில மணிகளை அள்ளிக் கீழே விடும். வில் பொருத்திய நாக்கு, மிகுதியான விதையைத் தடுக்கும். மணி நசுங்காமலும் காக்கும். முன்னால் ஒரு கொழு சால் கீறும், பின்னால் ஒரு பரம்பு மண்ணை மூடும். குதிரை இழுக்க, ஒரே ஓட்டத்தில் மூன்று வரிசை விழும்.

இதனால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோதுமையை அவர்கள் புஷல் என்ற அளவில் அளந்தார்கள்; ஒரு புஷல் சுமார் 27 கிலோ. வீசி விதைக்க ஏக்கருக்கு இரண்டரை புஷல் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். விளைந்தது 12 புஷல் என்றால், அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைத்தபின் மிஞ்சுவது ஒன்பதரை. கருவியில் விதைத்தால் ஒரு புஷல் போதும், மிஞ்சுவது 11. நிலத்தில் ஒரு மணிகூட அதிகம் விளையவில்லை. ஆனால் தின்னவும் விற்கவும் இருக்கும் தானியம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது. விளைச்சல் குறைவாக இருந்த காலத்தில் விதைக்கென எடுத்து வைப்பது அத்தனை பெரிய சுமை. இன்றைய விளைச்சலை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சுமை நமக்குப் புரியாது.

இரண்டாவது லாபம் களையெடுப்பில். வீசி விதைத்த வயலில் கோதுமையும் களையும் கலந்து நிற்கும். உள்ளே குதிரையை இறக்க முடியாது. வரிசையாக நின்றால் இடையில் குதிரை பூட்டிய களைக்கொத்தை ஓட்டலாம். டல் 1731இல் வெளியிட்ட நூலின் தலைப்பே குதிரைக் களைக்கொத்தைப் பற்றியதுதான். விதைப்புக் கருவியை அதற்கு முன்வேலையாகவே அவர் கருதினார்.

ஆனாலும் கருவி பரவவில்லை. காரணங்கள் எளியவை. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஈர விதை குழாயில் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. முளை வந்த பிறகு வயலில் நீளமாக ஒரு வெற்று வரிசை கிடக்கும்போதுதான் தெரியும். அதற்குள் பட்டம் போய்விட்டிருக்கும். ஒரே அளவில் பாகங்களைச் செய்துதரும் பட்டறைகள் வராமல் இந்தக் குறை தீராது. சஃபோக்கில் பீசன்ஹால் என்ற ஊரில் ஜேம்ஸ் ஸ்மித் 1800 வாக்கில் விதைப்புக் கருவிப் பட்டறை தொடங்கினார். டல் இறந்து அப்போது அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. விதைப்புக் கருவி பரவலாகப் புழங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான்.

கலப்பையின் வரலாறு வேறு. பழைய மரக்கலப்பையில் மண்ணைப் புரட்டும் பலகை நேரானது. களிமண் அதில் அப்பிக்கொள்ளும். நான்கு, ஆறு, சில இடங்களில் எட்டு மாடுகள்கூடப் பூட்டினார்கள். மேழி பிடிக்க ஒருவர், மாடு ஓட்ட ஒருவர். 1730இல் ஜோசப் ஃபால்ஜாம்பும் டிஸ்னி ஸ்டேனிஃபோர்த்தும் காப்புரிமை பெற்ற ராதரம் கலப்பை எடை குறைந்தது. வளைந்த அதன் பலகைக்கு இரும்புத் தகடு போர்த்தியிருந்தது. இரண்டு குதிரை, ஓர் ஆள் போதும். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் ஸ்மால் அந்த வளைவை மேலும் திருத்தினார். மெதுமரத்தில் பலகை செய்து உழுது பார்ப்பார். எந்த இடம் அதிகம் தேய்கிறதோ அங்கே உராய்வு அதிகம் என்று அறிந்து, தேய்மானம் சீராகும்வரை செதுக்குவார். பிறகு அதே வளைவை வார்ப்பிரும்பில் வார்த்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். மண்ணையே அளவுகோலாக வைத்து அவர் செய்த சோதனை அது.

மிஞ்சியது கொழு. அது மழுங்கும்போதெல்லாம் கொல்லன் உலைக்குப் போக வேண்டும். இப்ஸ்விச்சில் ராபர்ட் ரான்சம் 1803இல் இதற்கு வழி கண்டார். கொழுவை வார்க்கும்போது அடிப்பக்கத்தை மட்டும் திடீரென்று குளிரவைத்தார். அடிப்பக்கம் கடினமாயிற்று, மேல்பக்கம் மென்மையாகவே இருந்தது. உழ உழ மேல்பக்கம் தேயும், அடிப்பக்கம் நிற்கும். விளிம்பு தானாகவே கூராகிக்கொண்டே இருந்தது.

கலப்பையும் நேராக விளைச்சலைக் கூட்டவில்லை. பூட்டும் கால்நடை பாதியாகக் குறைந்தால், அவற்றுக்குத் தீவனம் விளைந்த நிலம் வேறு பயிருக்குக் கிடைக்கும். உழவு சீக்கிரம் முடிந்தால் பட்டம் தவறாது. எல்லாவற்றையும்விட, வளைந்த இரும்புப் பலகை மண்ணை முழுதாகக் கவிழ்க்கும். குளோவர் வளர்ந்த புல்தரையையும் தொழுவுரத்தையும் புதைக்கும்.

விளைச்சல் உண்மையில் கூடியது அங்கேதான். இங்கிலாந்தின் கோதுமை விளைச்சல் 1600 வாக்கில் ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு புஷல். 1800 வாக்கில் ஏறக்குறைய இருபது. விதைப்புக் கருவி பரவுவதற்கு முன்பே இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி நடந்துவிட்டது. நார்ஃபோக் போன்ற பகுதிகளில் கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்று சுழற்சியாகப் பயிரிட்டார்கள். குளோவரின் வேர்முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவந்தது. டர்னிப்பைத் தின்ற மாடும் ஆடும் பனிக்காலத்தில் எருவைத் தந்தன.

டல் இந்த இடத்தில்தான் பிழைபட்டார். பயிர் மண்ணின் நுண்துகளைத்தான் உண்கிறது, கொத்திக்கொண்டே இருந்தால் எரு தேவையில்லை என்று நம்பினார். தெற்குப் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் எருவிடாமல் கொத்தியதைப் பார்த்து அந்த நம்பிக்கை உறுதிப்பட்டது. ஒரே வயலில் 13 ஆண்டு எருவில்லாமல் கோதுமை எடுத்தும் காட்டினார். கொத்தக் கொத்த மண்ணின் பழைய மக்கு சிதைந்து பயிருக்கு உணவானது என்பது இன்று நமக்குத் தெரியும். அது சேமிப்பை எடுத்துத் தின்பது. மறுபடி நிரப்பாவிட்டால் தீர்ந்துவிடும்.

நம் பக்கத்திலிருந்து ஒரு செய்தியோடு முடிக்கிறேன். 1790களில் மெட்ராஸ் மாகாணத்தில் பணியாற்றிய கேப்டன் தாமஸ் ஹால்காட், விதைப்புக் கருவி நவீன ஐரோப்பியக் கண்டுபிடிப்பு என்றே எண்ணியிருந்தார். குண்டூர்ப் பக்கம் குதிரையில் போகும்போது, ஒரு வயலில் எளிய விதைப்புக் கருவி ஓடுவதைப் பார்த்தார். விசாரித்தபோது அங்கே அது வழிவழியாகப் புழங்குவது என்று அறிந்தார். அதை எழுதி லண்டன் வேளாண் வாரியத்துக்கு அனுப்பினார், வாரியம் அச்சிட்டது. தெலுங்கு நாட்டில் அதற்கு கொர்ரு என்று பெயர். நம் தென்மாவட்ட மானாவாரி நிலத்தாரும் அறிந்த கருவி. சீனத்திலும் மெசபட்டோமியாவிலும் அதைவிடப் பழைய விதைப்புக் கருவிகள் இருந்தன. விதைப்புக் கருவி 1701இல் தொடங்கியது என்று இனியும் பாடநூலில் அச்சிடக் கூடாது. பாடநூல் எழுதும் பொறுப்பில் உள்ளவர்கள் இந்த அவையில் சிலர் இருக்கிறீர்கள். அடுத்த பதிப்பில் அந்த வரியைத் திருத்துங்கள்.