பில் போடுபவர் வேறு, பணம் விடுபவர் வேறு

(புதுக்கோட்டை மாவட்டம், ஆவூரில் ஊர் மக்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஊராட்சிக்குப் பொருள் வாங்கினால் பணம் எப்படிப் போகிறது என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். இந்த விதி நமக்குப் புதுசு இல்லை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலேயே இருக்கிறது. கிராம ஊராட்சிக் காசோலையில் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் பணம் வராது; துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும்.

இப்போது நிதிக்குழு மானியத்தில் காசோலை கிடையாது. இ-கிராம் ஸ்வராஜ் இணையதளம் வழியாகப் பணம் நேராக விற்பனையாளரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதிலும் அதே ரெண்டு கைதான். பில் விவரத்தைப் பதிவு செய்து முதலில் கையொப்பமிடுபவரை 'மேக்கர்' என்கிறார்கள். அதைச் சரிபார்த்து பணத்தை விடுவிப்பவர் 'செக்கர்'. இருவருக்கும் தனித்தனி டிஜிட்டல் கையொப்பம் உண்டு. பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன், அதற்கு ஒரு ரகசிய எண்.

எதற்கு இந்தப் பிரிவு? ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்குவோம். தெருவிளக்குக்கு எல்.இ.டி. பல்பு 20, ஒன்று 1,500 ரூபாய் என்று பில் வருகிறது. மொத்தம் 30,000. ஆனால் வந்து இறங்கியது 12 பல்புதான். பொருளை வாங்கி வைத்தவர் இருப்புப் பதிவேட்டில் 12 என்று எழுதியிருக்கிறார்.

பதிவு செய்பவரே பணத்தையும் விடுவிக்கலாம் என்றால் என்ன ஆகும்? அவர் 20 என்று போடுவார், அவரே சரி என்பார், 30,000 போய்விடும். வராத 8 பல்புக்கான 12,000 ரூபாயைக் கேட்க ஆள் இல்லை. செக்கர் வேறு ஆளாக இருந்து, பில்லையும் இருப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த இடத்திலேயே நின்றுவிடும். வேண்டுமென்று செய்தது மட்டுமல்ல, கை தவறி ஒரு பூஜ்யம் கூடுதலாக அடித்ததும் அங்கே மாட்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பில் எண் 147-க்குப் பணம் கொடுத்தாச்சு. இரண்டு மாதம் கழித்து அதே பில்லை 0147 என்று பதிவு செய்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு அது புது பில். பிடிக்க வேண்டியது செக்கர்தான். அதனால்தான் பணம் போன பில்லின் மேல் 'பணம் வழங்கப்பட்டது' என்று முத்திரை குத்தி வைக்கணும். ஜெராக்ஸை வைத்துப் பணம் விடக் கூடாது, அசலைக் கேட்கணும்.

ஆனால் இந்தப் பூட்டு எங்கே உடைகிறது தெரியுமா? ரெண்டு டோக்கனும் ஒரே மேஜை டிராயரில் கிடக்கும்போது. "எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது, நீங்களே போட்டுடுங்க தம்பி" என்று செக்கர் ரகசிய எண்ணையும் சொல்லிவிட்டால், கணினியில் இரண்டு பேர், நாற்காலியில் ஒரே ஆள். செக்கர் வெளியூரில் இருந்த நாளில் அவர் கையொப்பம் விழுந்திருந்தால் அதுதான் அடையாளம். பில்லைப் பிரித்துப் பார்க்கவே நேரமில்லாத அளவுக்கு இரண்டு கையொப்பமும் அடுத்தடுத்த நொடிகளில் விழுந்திருந்தாலும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

இரண்டு பேருமே கூட்டு சேர்ந்துவிட்டால்? அதை இந்த ஏற்பாடு தடுக்காது. அங்கேதான் நீங்க வர்றீங்க, மூன்றாவது கண்ணாக.

உங்க போனில் egramswaraj.gov.in தளத்தைத் திறந்து, மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்வு செய்தால் செலவு விவரங்களைப் பார்க்கலாம். 'மேரி பஞ்சாயத்' செயலியும் இருக்கிறது. பார்க்கும்போது மூன்றை மட்டும் கவனியுங்க. ஒரே தொகை ஒரே பெயருக்கு இரண்டு தடவை போயிருக்கிறதா? எழுதியிருக்கும் பொருளோ வேலையோ நம்ம தெருவில் கண்ணுக்குத் தெரிகிறதா? ஒரே கடையின் பில்கள் மாதக்கணக்கில் 31, 32, 33 என்று வரிசையாக வருகிறதா? கடைசியாகச் சொன்னதற்கு அசல் பில்லைப் பார்க்கணும். வரிசையாக வந்தால், அந்தக் கடைக்கு இந்த ஊராட்சியைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லையோ என்று கேட்கத் தோன்றும். அது தவறுக்குச் சாட்சி ஆகாது, கேட்க வேண்டிய கேள்வி.

கேட்க இடம் கிராம சபை. அங்கே பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுங்க. "ஊழல் நடந்ததா" என்று எழுதாதீங்க. இந்தத் தேதியில் போன இந்தத் தொகைக்கான பில், இருப்புப் பதிவேட்டுப் பக்கம், இரண்டின் நகலும் வேண்டும் என்று எழுதுங்க. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த இரண்டு காகிதமும் கைக்கு வந்தால், 20-ஆ 12-ஆ என்பதை நீங்களே எண்ணிப் பார்த்துக்கலாம்.