முகம் ஒருவருடையது, சொல் இன்னொருவருடையது

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில், ஆசிரியர் தின நிகழ்ச்சியில் எங்கள் உயிரியல் ரீச்சரைப் போல ஒருத்தி வேடம் போட்டாள். கைத்தறிச் சேலை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, மேசையில் சோக்கைத் தட்டித் தட்டிக் கேள்வி கேட்கும் பழக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த ரீச்சரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சேலைக்குள் இருப்பது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சிரிக்க முடிந்தது.

அதே ரீச்சர் சென்ற ஆண்டு எங்களிடம் நோயாளியாக வந்தார். இதை இங்கே சொல்ல அவரே அனுமதி தந்தார். பெயரை மட்டும் தவிர்க்கிறோம். பதினைந்து வருடமாக நீரிழிவுக்கு மெற்போமின் எடுத்து, சீனியை ஒழுங்காக வைத்திருந்தவர். அன்று மெலிந்து, நாவரண்டு, இரவில் ஐந்தாறு தடவை எழும்ப வேண்டியிருக்கிறது என்றார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி முன்பு 7.1 ஆக இருந்தது, இப்போது 11.4. குளிசையை நிறுத்திப் பத்து வாரமாம்.

ஏன் நிறுத்தினார் என்று கேட்டோம். “பிள்ளை, அந்த ரீவி டொக்டர்தானே சொன்னவர், இந்தக் குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்கும் எண்டு,” என்றார். வட்ஸ்அப்பில் வந்த காணொளியைக் காட்டினார். நாமும் நன்றாக அறிந்த வைத்தியர் ஒருவர், தன் வழக்கமான நாற்காலியில் அமர்ந்து, குளிசையை விட்டு ஒரு மூலிகைச் சொட்டுமருந்தை வாங்கச் சொல்கிறார். ரீச்சர் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு போத்தல் வாங்கியிருந்தார். அந்த வைத்தியர் அப்படி ஒருபோதும் பேசியதில்லை. அவரது பழைய நேர்காணல் ஒன்றின் வாயசைவையும் குரலையும் மட்டும் யாரோ மாற்றியிருந்தார்கள்.

கணையத்தையும் இன்சுலினையும் எங்களுக்குப் படிப்பித்தவர் அவர். ஆகவே படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். மெற்போமின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் பலவீனமாகும்போது அதன் அளவைக் குறைக்கிறோம், மிகவும் பலவீனமானால் நிறுத்துகிறோம். இந்த அரைகுறை உண்மையின் மீதுதான் அந்தப் பொய் ஏறி நின்றது. மற்ற அரைவாசியை ஒரு நம்பிக்கையான முகம் செய்து முடித்தது.

இது இங்கு மட்டும் நடப்பதல்ல. பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையான பி.எம்.ஜே. 2024 யூலையில் இதைப் பற்றி எழுதியது. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் பிரபலமான ஹிலரி ஜோன்ஸ், மைக்கல் மோஸ்லி, ரங்கன் சட்டர்ஜி ஆகிய வைத்தியர்களின் முகங்கள் உயர் குருதி அமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் “மருந்து” விற்கப் பயன்பட்டிருந்தன. மோஸ்லி அதற்கு முந்தைய மாதம்தான் காலமானார். இறந்தவரால் மறுப்பு அறிக்கை விட முடியாது.

பிரபலமானவர்கள் ஏன் குறியாகிறார்கள்? முகத்தை மாற்றும் கணினி நிரல் ஒரு முகத்தைப் பல கோணங்களில், பல ஒளிகளில், பல பாவங்களில் பார்த்தால் இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்கிறது. எங்கள் வீட்டுக் கல்யாண அல்பத்தில் அவ்வளவு இராது. தொலைக்காட்சியில் இருபது வருடம் தோன்றியவருக்கு அது தாராளமாக உண்டு. மக்களின் நம்பிக்கையும் அந்த முகத்தோடு சேர்ந்தே வருகிறது.

அப்படியானால் பிரபலமானவரின் முகத்தைத் தொடவே கூடாதா? அப்படி நாங்கள் சொல்லவில்லை. அதிகாரத்தில் இருப்பவரைக் கேலி செய்யும் உரிமை ஒரு நாட்டுக்கு வேண்டும். கேலிச்சித்திரக்காரர் மூக்கை நீட்டி வரைவதும் ஒருவகை முகமாற்றம்தான். 2020 நத்தாரன்று பிரித்தானியாவின் சனல் 4, எலிசபெத் மகாராணியின் முகத்தை டெப்ரா ஸ்டீபன்சன் என்ற நடிகையின் மேல் பொருத்தி ஓர் உரையை ஒளிபரப்பியது. மகாராணி மேசையில் ஏறி ஆடினார். பலர் முறைப்பாடு செய்தார்கள். ஆனால் அது போலி என்பதை நிலையம் முன்கூட்டியே அறிவித்தது. நடித்தவரின் பெயரைச் சொன்னது. கண்ணால் கண்டதையெல்லாம் நம்பாதீர்கள் என்பதே அதன் நோக்கம் என்றது. சிலருக்கு அது பிடிக்காமற் போகலாம். ஆனால் அதைப் பார்த்து எவரும் குளிசையை நிறுத்தவில்லை.

நீதிமன்றங்களும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போடுகின்றன. நடிகர் அனில் கபூர் தன் பெயர், குரல், உருவம் ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்கு எதிராக டில்லி மேல் நீதிமன்றம் சென்றார். 2023 செப்டெம்பரில் அந்நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது. ஆனால் நையாண்டியும் விமர்சனமும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்பதையும் அது சேர்த்தே சொன்னது. ஒருவரின் ஆளுமையை வணிகத்துக்காகச் சுரண்டுவதும், அவர் பெயருக்கு மாசு கற்பிப்பதும்தான் எல்லை மீறல்.

இங்கே இன்னொரு நபரை நாம் மறந்துவிடுகிறோம். 2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தனா மின்தூக்கிக்குள் வருவதாக ஒரு காணொளி பரவியது. உடல் வேறொரு பெண்ணுடையது. முகம் மட்டுமே ரஷ்மிகாவுடையது. 2024 ஜனவரியில் டில்லிப் பொலிசார் ஒருவரைக் கைது செய்தார்கள். அவர் அந்த நடிகையின் பெயரில் ஒரு ரசிகர் பக்கம் நடத்தி வந்தவர் என்றும், பின்தொடர்வோரைக் கூட்டவே இதைச் செய்தார் என்றும் பொலிசார் கூறினர். நையாண்டியும் இல்லை, பகையும் இல்லை. வெறும் எண்ணிக்கை ஆசை. அதற்காக இரண்டு பெண்கள் அவமானப்பட்டார்கள். ஒருவரின் முகமும் மற்றவரின் உடலும் கேளாமலே எடுக்கப்பட்டன. பெண்பிள்ளைகளை வளர்க்கும் நாம் இந்த இரண்டாவது பெண்ணையும் நினைக்க வேண்டும். பாலியல் காட்சியில் முகத்தை ஒட்டுவதற்கு “பகிடிக்குச் செய்தோம்” என்ற சாட்டு ஒருபோதும் பொருந்தாது. அதில் கேலி செய்யப்படும் கருத்து எதுவும் இல்லை.

எங்கள் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலேயே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது குற்றம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையவழி ஆள்மாறாட்டத்தையும் குற்றமாக்கியது. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது; ஆனால் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி மானத்துக்கும் நற்பெயருக்கும் நேர்ந்த தீங்குக்காகக் குடியியல் வழக்குத் தொடரலாம். ஆகவே ரீச்சரை ஏமாற்றியவரும், அந்த வைத்தியரின் முகத்தைத் திருடியவரும் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர். கண்டுபிடிப்பதுதான் கடினம். அந்தப் பக்கம் எங்கிருந்து இயங்குகிறது என்பதே தெரியாது. ஒன்றை நீக்கினால் இன்னொரு பெயரில் வரும்.

அதே நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு கவலையும் உண்டு. “பொய்யான கூற்று” என்பதற்கு அது தரும் பொருள் மிக அகலமானது, கேலியும் விமர்சனமும் அதற்குள் சிக்கலாம் என்று ஊடகவியலாளரும் சட்டத்தரணிகளும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த அச்சம் நியாயமானது. மருந்து விற்கும் போலியைப் பிடிக்க வைத்த வலையில் கேலிச்சித்திரக்காரர் விழக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறது. இவ்வகைப் போலிகள் செயற்கையானவை என்று வெளிப்படுத்தப்பட வேண்டும். வெளிப்படையான நையாண்டிப் படைப்பாயின், அதன் சுவையைக் கெடுக்காத விதத்தில் வெளிப்படுத்தினால் போதும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. நையாண்டி செய்பவர் தன் பக்கத்தில் “இது கற்பனை” என்று கீழே எழுதுவார். அதை ஒருவர் தரவிறக்கி வட்ஸ்அப்பில் அனுப்பியதும் எழுத்து விடுபட்டுவிடும், படம் மட்டும் போய்ச்சேரும். மூன்றாவது கைக்கு வரும்போது அது செய்தியாகிவிடும். எங்கள் கல்லூரி மண்டபத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்து சிரித்தோம்; தொலைபேசிக்கு அந்த மண்டபம் இல்லை. ஆகவே அடையாளம் படத்துக்குள்ளேயே, தொடக்கம் முதல் முடிவு வரை இருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் பகிடிக்காக இப்படி ஏதாவது செய்தால் இதை முதலில் சொல்லுங்கள்.

போலியை எப்படி அறிவது என்று பலர் கேட்கிறார்கள். ப, ம என்ற எழுத்துகளைச் சொல்லும்போது உதடுகள் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் அந்த ஒலி கேட்டால் சந்தேகப்படலாம். கை முகத்தைக் கடக்கும்போது தாடையின் விளிம்பு கலங்குகிறதா, பற்கள் ஒரே பட்டையாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். ஆனால் இந்தக் குறைகள் நாளுக்கு நாள் திருத்தப்பட்டு வருகின்றன, இவற்றை மட்டும் நம்ப முடியாது. முகத்தைப் பார்ப்பதை விட்டு, அந்த முகம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். பணம் அனுப்பு, மருந்தை நிறுத்து, உடனே வாங்கு என்று சொன்னால் அங்கேயே நில்லுங்கள். எந்த வைத்தியரும் உங்களைப் பரிசோதிக்காமல் உங்கள் குளிசையை நிறுத்தச் சொல்லமாட்டார். மருந்து என்று விற்கப்படும் பொருள் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவானதா என்று விசாரியுங்கள். பிறகு உங்கள் கிளினிக்குக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.

ரீச்சர் இப்போது தேறி வருகிறார். எச்.பி.ஏ.1சி 8க்கு வந்துவிட்டது. ஆனால் கண்ணின் விழித்திரையில் புதிதாகச் சில குருதிப் புள்ளிகள் தெரிகின்றன. அவற்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஏமாந்ததை வெளியில் சொல்ல அவர் முதலில் கூச்சப்பட்டார். பின்னர் அவரே, “சொல்லுங்கோ பிள்ளை. நான் ஏமாந்தனான் எண்டு கேட்டால் மற்றவையும் வந்து சொல்லுவினம்,” என்றார். அந்தக் காணொளியைத் தனக்கு அனுப்பியவர்களுக்கும், தான் அனுப்பிய பதினொரு பேருக்கும் ஒவ்வொருவராக அழைத்து அது போலி என்று சொல்லியிருக்கிறார். அவர்களில் இருவர் குளிசையை நிறுத்தியிருந்தார்கள்.

அந்த இருவரும் இப்போது மீண்டும் மருந்து எடுக்கிறார்கள்.