போலியோவுக்குப் பின் வரும் தளர்ச்சி

சிறு வயதில் போலியோ வந்து, தொடையில் கை ஊன்றியபடியே வரப்பில் நடந்து பழகியவர்கள் பலர் தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் இன்று ஐம்பதைக் கடந்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு, நன்றாக இருந்த காலும் இப்போது தளர்கிறது. கொஞ்சம் வேலை செய்தாலே அசதி அமுக்குகிறது.

போலியோ திரும்பி வரவில்லை. அன்று பிழைத்த நரம்பணுக்கள், அழிந்துபோனவற்றின் தசை இழைகளையும் சேர்த்து இயக்கின. பல ஆண்டுக் கூடுதல் சுமையால் அவை இப்போது ஓய்கின்றன.

இதைக் குணமாக்கும் மருந்து இல்லை. முதலில் அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு கோளாறு காரணமா என்று பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் நடந்தால் களைப்பு வருமென்றால், இருபதாவது நிமிடமே உட்காருங்கள். லேசான பயிற்சி போதும். மறுநாளும் அசதி தீரவில்லையென்றால் அளவு மிஞ்சிவிட்டது. படுத்தால் மூச்சுத் திணறினால், உடனே டாக்டரைப் பாருங்கள்.