முருங்கைப் பொடி மாத்திரைக்கு ஈடாகுமா?

நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் முருங்கை மரம் புதிதல்ல. அதன் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. நல்ல உணவுதான். ஆனால் அதில் எவ்வளவு சத்து கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு கிராம் பொடியில் ஏறத்தாழ 28 மில்லிகிராம் இரும்பும் 2,000 மில்லிகிராம் கால்சியமும் இருப்பதாகச் சொல்வார்கள். நூறு கிராம் பொடியை ஒரே நாளில் யாரும் சாப்பிடுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி என்றால் சுமார் 8 கிராம். அதில் இரும்பு 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல், கால்சியம் 160 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ இரும்பு 27, கால்சியம் 1,000 மில்லிகிராம். கால்சியத்துக்குப் பொடி ஓரளவு கைகொடுக்கும். இரும்புக்கு அப்படியல்ல. கீரையில் இருக்கும் இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேருவது கடினம்.

ஐந்தாம் மாதக் கர்ப்பிணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது என்று அதை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுகிறார். அரசு தரும் இரும்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதைப் பொடியிலிருந்து எடுக்க 200 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். ஆகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இரும்பு மாத்திரையோடு கால்சியம் மாத்திரையைச் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீ, காபியும் இரும்பைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் அது சேர உதவும். பொடியைச் சாம்பாரிலோ அடையிலோ கலந்து சாப்பாட்டோடு சாப்பிடலாம்.

இனி எச்சரிக்கை. சமைத்த முருங்கைக்கீரை நம் வீடுகளில் கர்ப்பிணிகளும் சாப்பிட்டு வருவதுதான். ஆனால் முருங்கை வேர், பட்டை ஆகியவற்றின் கஷாயம் கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது. அவை கருப்பையைச் சுருங்கவைத்துக் கருவைக் கலைக்கக்கூடும். இலையைச் செறிவாக்கிய கேப்ஸ்யூல்களையும் சாறுகளையும் தவிர்த்துவிடுங்கள். அவை கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானவை என்று உறுதியாகவில்லை. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பொடியைத் தினமும் எடுக்க வேண்டாம். அது அந்த மருந்துகளின் வேகத்தைக் கூட்டிவிடலாம்.

நம் ஊருக்கென்றே ஒரு வார்த்தை. சுரங்கமும் அனல் மின் நிலையமும் உள்ள ஊரில் இலைமேல் தூசி படியும். உருவும் முன்பே கொத்தை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். மொட்டை மாடியில் பரப்பாமல் வீட்டுக்குள் மெல்லிய துணி மூடி உலர்த்துங்கள்.

பொடி பலன் தருகிறதா என்பதை ரத்தப் பரிசோதனையில்தான் அறிய முடியும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.