செம்பில் எழுதிய நிலப்பட்டா

கடாரத்து அரசர் கட்டிய விகாரை ஒன்றுக்குச் சோழ மன்னர் ஒரு ஊரையே எழுதிக் கொடுத்தார். அந்தப் பட்டா ஓலையில் அல்ல, செம்பில் இருக்கிறது.

விகாரை நாகப்பட்டினத்தில் இருந்தது. கட்டத் தொடங்கியவர் சூளாமணிவர்மர். முடித்தவர் அவர் மகன் மாறவிசயோத்துங்கவர்மர். முதலாம் இராசராசன் தம் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில், அதாவது ஏறத்தாழ 1006இல், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்கு அளித்தார். நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். ஆண்டு வருவாய் 8,943 கலத்துக்குச் சற்று அதிகமான நெல்.

ஏன் செம்பு? ஓலையைச் செல் அரிக்கும், நெருப்பு தின்னும். இரும்பு துருப்பிடிக்கும். கல்வெட்டு நிலைக்கும், ஆனால் கோயில் சுவரை யாரும் கையில் எடுத்துப் போய் வழக்கில் காட்ட முடியாது. செப்பேடு நிலம் பெற்றவரிடமே இருக்கும். மண்ணில் புதைந்தாலும் எழுத்து நிற்கும்.

இன்னொரு காரணம் முத்திரை. ஆனைமங்கலச் செப்பேட்டில் 21 ஏடுகள். எல்லா ஏட்டிலும் துளையிட்டு, ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு நுனிகளையும் அரச முத்திரைக்குள் பூட்டிவிட்டார்கள். நடுவில் ஓர் ஏட்டைச் செருக வேண்டுமானால் வளையத்தை அறுத்தாக வேண்டும். அறுத்த தழும்பு மறையுமா?

முத்திரை இராசராசனுடையதன்று, அவர் மகன் இராசேந்திரனுடையது. தந்தை கொடுத்ததைத் தந்தைக்குப் பின் மகன் செம்பில் பொறிக்கச் செய்தார். இதை வடமொழிப் பகுதியே சொல்கிறது.

ஆய்வாளர்கள் இந்த ஏடுகளை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். வடமொழியில் உள்ள 5 ஏடுகளில் சூரிய குலப் பெருமையும் முன்னோர் புகழும் வருகின்றன. அவற்றை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வதில்லை. தமிழில் உள்ள 16 ஏடுகள்தாம் பத்திரம். மன்னர் வாய்மொழியாகச் சொன்னது, அதை ஓலையில் எழுதியது, அதிகாரிகள் ஒப்பமிட்டது, வரிப் புத்தகத்தில் பதிந்தது என்று ஒவ்வொரு படியும் அங்கே உள்ளது. பிறகு பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டார்கள். பக்கத்து ஊரார் சார்பில் கையெழுத்தும் இருக்கிறது. நாளை எல்லைத் தகராறு வந்தால், இவர்கள்தாமே எதிர்த்தரப்பு! அதனால்தான் அவர்கள் ஒப்புதல் முக்கியம். உடும்பு ஓடும் மேடும் ஆமை தவழும் பள்ளமும்கூட விடுபடாமல் உரிமையில் சேர்க்கப்பட்டன.

ஆனால் இது கொடுத்தவரும் பெற்றவரும் பேசும் ஆவணம். 8,943 கலம் நெல்லை விளைவித்த உழவருக்கு எவ்வளவு மிஞ்சியது என்று இந்தப் பட்டா சொல்வதில்லை.

இந்தக் கொடையின் கதை இத்துடன் முடியவில்லை. அதே இராசேந்திரன் ஏறத்தாழ 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்தார். ஆனாலும் ஏறத்தாழ 1090இல் கடாரத்து அரசரின் தூதர்கள் இருவர் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, விகாரை ஊர்களின் வரிவிலக்கைச் செப்பேட்டில் எழுதித் தருமாறு கேட்டார்கள். அந்த 3 ஏடுகளும் முந்தைய 21 ஏடுகளும் பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அந்த ஊரின் பெயரால்தான் ஆய்வாளர்கள் இரண்டையும் லெய்டன் செப்பேடுகள் என்று அழைக்கிறார்கள்.