லேமினேட் செய்த சான்றிதழைப் போனில் படம் எடுப்பது எப்படி?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

லேமினேட் செய்த பழைய மதிப்பெண் பட்டியலைப் போனில் படம் எடுப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். பதிவெண்ணில் ஓர் எண் தெரியாவிட்டாலும் பிள்ளைகளின் விண்ணப்பம் திரும்பி வரலாம்.

லேமினேஷன் உறை கண்ணாடி மாதிரி. மேலே எரியும் டியூப்லைட் அதில் வெள்ளைக் கோடாக விழுந்து எழுத்தை மறைக்கும். ஃபிளாஷ் போட்டால் வெள்ளைத் திட்டு விழும். இரண்டையும் அணைத்துவிட்டு, பகலில், நேர் வெயில் படாத ஜன்னலோர மேஜையில் வையுங்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும்; முதுகுப்பக்கம் இருந்தால் உங்கள் நிழல் தாளில் விழும்.

அடுத்தது கோணல். போனைச் சாய்த்துப் பிடித்தால், போனுக்கு அருகிலுள்ள ஓரம் அகலமாகவும் எதிர் ஓரம் குறுகலாகவும் வரும். தாளின் நடுவுக்கு நேர் மேலே, மேஜைக்கு இணையாகப் பிடியுங்கள். மிக அருகே போகாமல், தாளைச் சுற்றி ஒரு விரல் அகலம் இடம் விட்டு எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். அடியில் கருப்புத் துணி விரித்தால் ஓரம் தெளிவாகத் தெரியும்.

ஸ்கேன் செயலி கோணலை நிமிர்த்தும். வெளிச்சத்தில் மறைந்த எழுத்தை மீட்டுத் தராது. அதனால் எடுத்த உடனே படத்தைப் பெரிதாக்கி, பதிவெண், பிறந்த தேதி, முத்திரை மூன்றையும் படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் தாளை லேசாகத் திருப்பி வைத்து மறுபடி எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிச் சிறிய எழுத்து மங்கலாம். 'Document' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.